‘புமிது’ன்னா யாரு?

எல்லாருக்கும் வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டையில் முப்பது வருஷம் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தவன் நான். லோயர் பாஸ் பண்ணினவங்க இந்தக் கூட்டத்தில் நிறையப் பேர் இருப்பீங்க. முதல் பாடம் உங்க விரலுக்கு மறந்திருக்காது: asdfgf ;lkjhj.

போன மாசம் வியாசர்பாடி மைதானத்தில் பொண்ணுங்க ஃபுட்பால். என் பேத்திக்குக் காலில் அடி, வீட்டில் கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்திருந்தாள். கடைசி நிமிஷத்தில் அவள் தோழி கோல் போட்டாள் என்று செய்தி வந்தது. பேத்தி ரெண்டு கையாலும் பலகையை அடித்தாள். விழுந்தது gggghh78[[. அதைப் பார்த்தாள், அழித்தாள், மறுபடி அடித்தாள்: asdkjfhskdjf. அனுப்பிவிட்டாள்.

“ரெண்டுக்குமே அர்த்தம் கிடையாதே, ஏம்மா அழிச்சே?” என்றேன். “முதல்ல வந்தது பூனை நடந்த மாதிரி இருக்கு தாத்தா” என்றாள்.

அவள் மட்டுமல்ல. கிரெட்சன் மெக்கல்லக் என்ற கனடா நாட்டு மொழியியல் அறிஞர் பலரிடம் இதைக் கேட்டிருக்கிறார். பார்க்கச் சரியாக இல்லையென்றால் அழித்துவிட்டுத் திரும்ப அடிப்போம் என்றே பெரும்பாலோர் சொன்னார்கள். ஆக, கண்டபடி அடிப்பதற்கும் ஒரு வடிவம் உண்டு. விரல்கள் ஓய்வாக உட்காரும் நடுவரிசை எழுத்துகள்தான் அதில் அதிகம் வரும். பெரும்பாலும் a-வில் தொடங்கும். எண்ணும் குறியும் எட்டிப் பார்த்தால் கை தவறிப் பட்டது என்று தோன்றிவிடும். கைப்பேசியில் கட்டைவிரல் ரெண்டுதானே, அதனால் jdjsksjd என்று இடமும் வலமும் மாறி மாறி விழும்.

‘ஹாஹா’ என்று எழுத நிதானம் வேண்டும், எழுத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும். சிரிப்பு வயிற்றைப் பிடிக்கும்போது அந்த நிதானம் ஏது? சொல் தேடும் நிலையில் நான் இல்லை, கை மட்டும்தான் அசைகிறது என்பதை asdkjfhskdjf காட்டிவிடுகிறது. நடுவரிசையில் a தவிர உயிரெழுத்தே இல்லை. அதனால் வாயால் படிக்க வராது. படிக்க வராததால்தான் அது சொல் இல்லை, உணர்ச்சி என்று கண்ணுக்கு உடனே தெரிகிறது.

தமிழில் இது ஏன் நடக்கவில்லை என்று யோசித்தேன். 1999-இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 பலகையில் நடுவரிசையின் இடப்பக்கம் அ, இ, உ, எ. வலப்பக்கம் க, ப, ம, த. வேகமாக எழுத அருமையான ஏற்பாடு. மெய் ஒரு கை, உயிர் ஒரு கை, சேர்ந்தால் உயிர்மெய். ஆனால் அதே ஏற்பாட்டால் எதை அடித்தாலும் வாயில் நுழைகிற அசையாகிவிடுகிறது. jdksld என்ற விசைகளைத் தமிழ்99-இல் அடித்துப் பாருங்கள், ‘புமிது’ என்று வரும்.

பேத்தியை அதில் அடிக்கச் சொன்னேன். சிரித்துக்கொண்டே அடித்து அந்தத் தோழிக்கே அனுப்பினாள். உடனே பதில் வந்தது: “புமிதுன்னா யாருடி?”