இடிக்கக் கூடாத மாத்திரை

நேயர்களுக்கு வணக்கம். நான் ஒரு மருத்துவமனையில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். மருந்துச் சீட்டை வாங்கி மாத்திரை எடுத்துக் கொடுப்பதுதான் வேலை என்று பலர் நினைப்பார்கள். கொடுத்த மாத்திரை வீட்டுக்குப் போய் என்ன ஆகிறது என்று விசாரிப்பதும் என் வேலையில் சேர்ந்ததுதான். அப்படி விசாரித்தபோது தெரியவந்த ஒன்றை இன்று சொல்லப் போகிறேன்.

எழுபது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி. பக்கவாதம் வந்து, விழுங்க முடியாமல் போய், மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். பார்த்துக்கொண்டது மருமகள். கஞ்சி, பால், மருந்து எல்லாம் டியூப் வழியாகத்தான். அந்தப் பெண் கெட்டிக்காரி. எந்த மருந்து எத்தனை மணிக்கு என்று காலண்டரின் பின்பக்கத்தில் எழுதிவைத்து ஒரு வேளைகூடத் தவறாமல் கொடுத்திருக்கிறார். மாத்திரை டியூபில் போகாதே, என்ன செய்வது? இஞ்சி பூண்டு தட்டுகிற சின்ன இடிகல்லை நன்றாகக் கழுவிக் காயவைத்து, அதில் போட்டு மாவாக நுணுக்கி, வெந்நீரில் கலந்து சிரிஞ்சில் ஏற்றியிருக்கிறார். அந்த இடிகல்லை நான் பின்னால் பார்த்தேன். குழியின் அடியில் வெளிர் மஞ்சள் நிறத்தில் தூள் ஒட்டியிருந்தது. அது பிரஷர் மாத்திரையின் தூள். நிஃபெடிபின் என்ற மருந்து இயல்பிலேயே மஞ்சள். வெளிச்சம் பட்டால் கெட்டுவிடும் என்பதால் மேலே செம்பழுப்புப் பூச்சு பூசியிருப்பார்கள்.

காலை எட்டு மணிக்கு மருந்து போகும். எட்டரைக்கெல்லாம் பாட்டிக்கு முகம் சிவந்து வேர்த்துக் கொட்டும். மார்பில் கை வைத்தால் தடதடவென்று அடிக்கும். கூப்பிட்டால் அரைக்கண்ணால் பார்ப்பார், பதில் வராது. மதியத்துக்கு மேல் கொஞ்சம் தெளிவார். வெயிலுக்கு அப்படி இருக்கிறது என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். தெருவில் ஒரு நர்ஸ் இருந்தார். அவர் வேலை முடிந்து வந்து சாயங்காலம்தான் பிரஷர் பார்ப்பார். தினமும் 170, 180 என்று காட்டியது. அந்த எண்களை எழுதிக் கொண்டுபோய்க் காட்டியதும், மாத்திரை போதவில்லை என்று டாக்டர் இரவுக்கும் ஒன்று எழுதினார். மாத்திரையை இடித்துக் கொடுக்கிறோம் என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. அன்று ராத்திரி பத்து மணிக்கு 108 வண்டியில் பாட்டியை எங்கள் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவந்தபோது பிரஷர் 76க்கு 40.

போதாத மாத்திரை எப்படி ஆளையே சாய்த்தது? அதற்கு அந்த மாத்திரைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

நிஃபெடிபின் ரத்தக் குழாய்களைத் தளர்த்தி அழுத்தத்தைக் குறைக்கும் மருந்து. நல்ல மருந்துதான், ஆனால் உடம்பில் தங்காது. ரத்தத்தில் ஏறியது ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் பாதியாகிவிடும். நாலு மணி நேரத்தில் கால்வாசி, எட்டு மணி நேரத்தில் பதினாறில் ஒரு பங்கு. அதனால் சாதாரண வடிவத்தில் இதை 10 மில்லிகிராம் வீதம் நாளுக்கு மூன்று தடவை கொடுப்பார்கள். கொடுத்ததும் அழுத்தம் தடாலென்று இறங்கும், அடுத்த வேளைக்குள் மறுபடி ஏறிவிடும். இந்த ஏற்ற இறக்கம் வேண்டாம் என்றுதான் நாள் முழுவதற்குமான 30 மில்லிகிராமையும் ஒரே மாத்திரையில் வைத்து, மெதுவாக வெளியே விடுகிற ஒரு பூட்டையும் அதிலேயே போட்டார்கள்.

அந்தப் பூட்டு எப்படி இருக்கும் என்று ஒருநாள் மருமகளுக்கே காட்டினேன். இரண்டு டம்ளரில் தண்ணீர். ஒன்றில் சாதாரண மாத்திரை, இன்னொன்றில் அவர் இடித்துக்கொண்டிருந்த ரகம். முதல் மாத்திரை நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே கரைந்து தண்ணீர் கலங்கிவிட்டது. இரண்டாவது கரையவே இல்லை. சப்ஜா விதையை ஊறப்போட்டால் சுற்றிலும் வழவழவென்று ஒரு படலம் கட்டுமே, அதே மாதிரி மாத்திரையைச் சுற்றி ஒரு கூழ் கட்டியது. மருந்து அந்தக் கூழைத் தாண்டித்தான் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வர முடியும். வெளிப்புறம் மெல்லக் கரையக் கரைய உள்ளே புதுக் கூழ் கட்டும். இது ஒரு வகை. இன்னொரு வகையில் கெட்டியான ஓட்டில் மிகச் சின்னத் துளை ஒன்றை லேசரால் போட்டிருப்பார்கள். உள்ளே தண்ணீர் புகுந்து மருந்தைத் தள்ளத் தள்ள, அது அந்தத் துளை வழியாகச் சீராகக் கசியும். எந்த வகையானாலும் கணக்கு ஒன்றுதான். 30 மில்லிகிராமை 24 மணி நேரத்துக்குப் பிரித்தால் மணிக்கு ஒன்றேகால் மில்லிகிராம்.

இடிகல்லில் போட்டு ஒரு தட்டு தட்டியதும் அந்தப் பூட்டு போய்விட்டது. மிச்சம் இருப்பது 30 மில்லிகிராம் சாதாரண நிஃபெடிபின், அதுவும் தூளாக. மணிக்கு ஒன்றேகால் வீதம் வரவேண்டியது மொத்தமாக வயிற்றில் இறங்குகிறது. மென்று தின்றாலும் இதேதான். பல்லும் ஓர் இடிகல்தானே.

பாட்டியின் எட்டரை மணி வேர்வைக்கும் படபடப்புக்கும் இதுதான் காரணம். குழாய்கள் ஒரேயடியாக விரிந்து அழுத்தம் விழுகிறது. அதை ஈடுகட்ட இதயம் ஓடுகிறது. பல வருஷமாக உயர்ந்த அழுத்தத்துக்குப் பழகிய மூளைக்கு, திடீரென்று அழுத்தம் இறங்கினால் ரத்தம் போதாது. ஏற்கெனவே பக்கவாதம் வந்த மூளைக்கு அது இன்னும் ஆபத்து. சாயங்காலக் கணக்கும் இதே தூளில்தான் இருக்கிறது. காலையில் எல்லாம் ஏறி, எட்டு ஒன்பது மணி நேரத்தில் எல்லாம் தீர்ந்துவிட்டது. மாலையில் நர்ஸ் பார்த்தபோது பாட்டியின் உடம்பில் பிரஷர் மருந்து என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. ஒரே தவறு காலையில் மருந்து அதிகமான மாதிரியும் மாலையில் போதாத மாதிரியும் இரண்டு முகம் காட்டுகிறது. மாலை முகத்தை மட்டும் பார்த்தவர் மருந்தைக் கூட்டத்தான் செய்வார்.

கொஞ்சம் வயதான டாக்டர்களுக்கு இது பழைய கதை. ஒரு காலத்தில் பிரஷர் எகிறி வருகிறவர்களுக்கு நிஃபெடிபின் கேப்ஸ்யூலை ஊசியால் குத்தி, உள்ளே இருக்கும் திரவத்தை நாக்குக்கு அடியில் பிழிவார்கள். சில நிமிடங்களில் எண் இறங்கும், எல்லோருக்கும் திருப்தி. ஆனால் சிலருக்கு அந்த இறக்கத்திலேயே பக்கவாதமும் மாரடைப்பும் வந்தன. இந்த வழக்கத்தை நிறுத்தியாக வேண்டும் என்று 1996இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் எழுதினார்கள். பிறகு மெல்ல மெல்லக் கைவிட்டார்கள். அங்கே பிழிந்தது 10 மில்லிகிராம். பாட்டிக்குப் போனது 30.

மருத்துவமனைக்குள்ளேயே நடந்ததும் உண்டு. அமெரிக்காவில் 2003இல் ஒரு மருத்துவ இதழில் வந்த செய்தி இது. மெதுவாகக் கரையும் நிஃபெடிபினை இடித்து, இதயத் துடிப்பைக் குறைக்கும் இன்னொரு மருந்தோடு சேர்த்து டியூபில் கொடுத்திருக்கிறார்கள். நோயாளியின் இதயம் நின்று, போராடி மீட்டார்கள். மறுநாள் அதே மருந்துகளை அதே மாதிரி கொடுத்தார்கள். அந்தப் பெண் பிழைக்கவில்லை. முதல் நாள் விழுந்ததற்குக் காரணம் அந்தத் தூள் என்று யாருக்கும் தோன்றாததுதான் இதில் என்னை உறுத்துகிறது.

டியூப் இருப்பவர்கள்தான் இடிப்பார்கள் என்று நினைக்க வேண்டாம். சர்க்கரைக்கு இந்த ரகத்தில் மெட்ஃபார்மின் சாப்பிடுகிற ஒருவர் ஒருநாள் கோபமாக வந்தார். "சார், விழுங்கின மாத்திரை அப்படியே முழுசா மலத்துல வந்துடுச்சு. டூப்ளிகேட் மாத்திரை குடுத்துட்டீங்க." அன்றிலிருந்து மென்று தின்கிறாராம். மருந்து முழுக்க வெளியேறிய பிறகு சில மாத்திரைகளின் வெற்றுக் கூடோ கூழ்ச் சக்கையோ அப்படியே வெளியே வரும். அது மருந்து வேலை செய்து முடித்த அடையாளம். முதல் தடவை கொடுக்கும்போதே நாங்கள் சொல்லியிருக்க வேண்டும். அவர் கோபத்தில் நியாயம் இருந்தது.

சரி, எந்த மாத்திரை இந்த ரகம் என்று எப்படித் தெரியும்? பெரும்பாலும் பெயருக்குப் பின்னால் எஸ்.ஆர்., ஈ.ஆர்., எக்ஸ்.ஆர்., எக்ஸ்.எல்., சி.ஆர்., பி.ஆர். என்று இரண்டு எழுத்தோ, ரிடார்ட் என்ற சொல்லோ இருக்கும். மெல்லாமல் உடைக்காமல் முழுதாக விழுங்கவும் என்று பல அட்டைகளில் அச்சடித்திருப்பார்கள், ஆனால் ஆங்கிலத்தில், எறும்பு அளவு எழுத்தில். வீட்டில் மருந்து கொடுக்கிற மருமகளுக்காக அதை யார் அச்சடித்தார்கள் என்று எனக்குப் புரிவதில்லை. நடுவில் கோடு இருந்தால் இடிக்கலாம் என்பதும் சரியில்லை. மெட்டோப்ரோலால் எக்ஸ்.எல். மாதிரிச் சிலவற்றைக் கோட்டில் சரிபாதியாக உடைக்கலாம், அந்தப் பாதியையும் மெல்லக் கூடாது. நான் செய்த டம்ளர் வித்தையையும் நம்பி முடிவெடுக்காதீர்கள். அது விளக்குவதற்குச் செய்தது.

விழுங்க முடியாதவருக்கு வழி இருக்கிறது. பாட்டிக்கு டாக்டர் மாற்றி எழுதியது அம்லோடிபின். அதே குடும்பத்து மருந்துதான், ஆனால் அதற்குப் பூட்டு தேவையில்லை. ரத்தத்தில் அது பாதியாகவே 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். மெதுவாக வேலை செய்வது அந்த மருந்தின் சுபாவம், அதனால் அதன் சாதாரண மாத்திரையை இடித்தாலும் குடி முழுகிவிடாது. எல்லா மருந்துக்கும் இப்படி ஒரு தம்பி இருக்காது. சிலவற்றைச் சாதாரண வடிவத்தில் நாளுக்கு மூன்றாகப் பிரிப்பார்கள், சிலவற்றுக்குத் திரவம் கிடைக்கும். வலிக்குக் கொடுக்கும் மெதுவாகக் கரையும் மார்ஃபின் என்றால் இன்னும் கவனம். அதை இடித்தால் மூச்சே அடங்கிவிடும். மாற்றுவது டாக்டர் செய்ய வேண்டியது. "இதை இடித்துத்தான் கொடுக்க முடியும்" என்று அவரிடம் சொல்வது நம் வேலை.

தெரியாமல் பிரஷர் மாத்திரையை இடித்துக் கொடுத்துவிட்டால் ஆளைப் படுக்கவைத்துக் காலைத் தலையணை மேல் உயர்த்துங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அடுத்த வேளை மருந்தைக் கொடுக்காமல், காலி அட்டையையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். எத்தனை மணிக்கு இடித்துக் கொடுத்தோம் என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள்.

பாட்டி ஒரு வாரத்தில் வீடு திரும்பினார். மருமகள் இப்போது அட்டையின் படத்தை முதலில் எனக்குப் போனில் அனுப்பிவிட்டுத்தான் இடிகல்லை எடுக்கிறார். போன வாரம் பான்டோப்ரசோல் அட்டை வந்தது. "சார், இதுல அந்த ரெண்டெழுத்து இல்ல. தட்டலாமா?" என்று கேட்டார். கூடாதும்மா என்றேன். அதை இடித்தால் மருந்து ஒரேயடியாக ஏறாது. வயிற்று அமிலம் அதைக் குடலுக்குப் போகவிடாமலே அழித்துவிடும். அது வேறு பூட்டு, அதற்கு நிலையத்தார் இன்னொரு பத்து நிமிடம் தர வேண்டும். வணக்கம்.