பத்தாங் காலியிலிருந்து பத்துமலை: அட்டவணைப் படத்தை வைத்து பயண நேரம் கணக்கிடுவது எப்படி?

[திரை: கைப்பேசியில் எடுத்த படம். சாய்ந்திருக்கிறது, ஓரத்தில் விளக்கொளி விழுந்திருக்கிறது]

வணக்கம். பத்தாங் காலி ஸ்டேஷன் சுவரில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பெரியம்மா படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். "ஐயா, பத்துமலைக்கு எவ்வளவு நேரம் ஆகும்னு பார்த்துச் சொல்லு." தோட்டத்துக்காரர்களுக்கு இது வழக்கமான கேள்விதான். நேரடி ரயில் கிடையாது, ஒரு இடத்தில் இறங்கி மாற வேண்டும்.

இங்கே நான் சொல்லும் நேரங்கள் கணக்கைக் காட்டுவதற்காக வைத்தவை. அட்டவணை அவ்வப்போது மாறும், உங்கள் படத்தில் இருப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

[திரை: இரண்டு வழித்தடங்கள், சேரும் பகுதி தடித்த கோடாக]

முதலில் எங்கே மாறுவது? பத்தாங் காலி இருக்கும் தஞ்சோங் மாலிம் வழித்தடமும் பத்துமலை வழித்தடமும் புத்ரா ஸ்டேஷனிலிருந்து கேஎல் சென்ட்ரல் வரை ஒரே பாதையில் ஓடுகின்றன. பலர் பழக்கத்தில் கேஎல் சென்ட்ரல் வரை போய் மாறுகிறார்கள். ஆனால் பத்துமலைக்குப் போகும் ரயில் கேஎல் சென்ட்ரலைக் கடந்துதான் புத்ராவுக்கு வரும். நீங்கள் தெற்கே போகும்போது அது எதிரே வடக்கே வந்துகொண்டிருக்கும். புத்ராவில் பிடிக்க முடிந்த ரயிலைத் தெற்கே போய்த் தேடினால் அது ஏற்கனவே போயிருக்கும். அதனால் புத்ராவிலேயே இறங்குவோம்.

[திரை: படத்தின் தலைப்பு பெரிதாகிறது]

படத்தில் முதலில் தலைப்பைப் பாருங்கள். 'ஹாரி பெக்கர்ஜா' என்றால் வேலை நாள். வாரக்கடைசி, பொது விடுமுறைக்கு வேறு அட்டவணை இருக்கலாம். பெரியம்மா முதலில் அனுப்பிய படத்தில் இந்த வரி வெட்டுப்பட்டிருந்தது. திரும்ப எடுக்கச் சொன்னேன். அது இல்லாமல் கணக்குப் போட்டுப் பயனில்லை.

[திரை: ஒரு நெடுவரிசை வெளிச்சமாகிறது]

ஒரு நெடுவரிசை ஒரு ரயில். மேலிருந்து கீழே இறங்க இறங்க நேரம் கூடிக்கொண்டே போக வேண்டும். நடுவில் குறைந்தால் கண் பக்கத்து வரிசைக்குத் தாவிவிட்டது என்று அர்த்தம். சாய்ந்த படத்தில் இது சாதாரணமாக நடக்கும். ஒரு தாளின் ஓரத்தைத் திரையில் வைத்துப் படியுங்கள்.

பத்தாங் காலி 07:48. கீழே செகாம்புட் 08:50. அதற்குக் கீழே புத்ரா... 08:51-ஆ, 08:57-ஆ? சரியாக அந்த இடத்தில்தான் விளக்கொளி.

இங்கே ஊகிக்க வேண்டாம். பக்கத்து ரயில்களைப் பாருங்கள். முந்தையது செகாம்புட் 08:05, புத்ரா 08:12. அடுத்தது 09:35, 09:42. இரண்டிலும் 7 நிமிடம். ஆகவே நம்முடையது 08:57. ஒரே நிமிடத்தில் அந்தத் தூரத்தை எந்த ரயிலும் ஓடாது.

[திரை: இரண்டாவது படம், பத்துமலைத் திசை]

இரண்டாவது அட்டவணையில் புத்ரா மேலே, பத்துமலை கீழே இருக்க வேண்டும். தலைகீழாக இருந்தால் அது எதிர்த்திசைக்கானது. புத்ரா வரிசையில் 08:57-க்குப் பிறகு வரும் முதல் நேரம் 09:02. அந்த ரயில் பத்துமலை சேர்வது 09:25. அதை விட்டால் 09:47, சேர்வது 10:10.

[திரை: கழித்தல்]

மொத்த நேரம் என்பது கடைசியாகச் சேரும் நேரத்திலிருந்து முதலில் கிளம்பும் நேரத்தைக் கழிப்பது. கால்குலேட்டரில் 9.25-லிருந்து 7.48-ஐக் கழித்தால் 1.77 வரும். 1 மணி 77 நிமிடம் என்று ஒன்று உண்டா? கடன் வாங்கும்போது அது 60-க்குப் பதில் 100 எடுத்துவிடுகிறது, அதனால் 40 அதிகம். நான் கால்குலேட்டரைத் தொடுவதே இல்லை, ஏறிப் போவேன். 07:48-லிருந்து 8 மணிக்கு 12 நிமிடம், 9 மணிக்கு 60, அப்புறம் 25. மொத்தம் 97, அதாவது 1 மணி 37 நிமிடம்.

வேறு வழியில் சரிபார்ப்போம். முதல் ரயிலில் 69 நிமிடம், காத்திருப்பு 5, இரண்டாவதில் 23. கூட்டினாலும் 97. பலர் காத்திருப்பை விட்டுவிட்டு 92 என்பார்கள்.

[திரை: புத்ராவில் 5 நிமிடம், சிவப்பில்]

ஆனால் அந்த 5 நிமிடம்தான் சிக்கல். பத்தாங் காலியிலிருந்து வரும் ரயில் தெற்கு நோக்கிய மேடையில் நிற்கும், பத்துமலை ரயில் வடக்கு நோக்கிய மேடையில். முட்டிவலி உள்ள பெரியம்மா மேடை மாற வேண்டும். முதல் ரயில் 4 நிமிடம் தாமதமானாலே கதை முடிந்தது. பிடிக்காவிட்டால் 10:10, மொத்தம் 142 நிமிடம். 45 நிமிட வித்தியாசம்.

பெரியம்மாவுக்கு நான் அனுப்பிய பதில் இது: "07:48 ரயிலில் ஏறுங்க. புத்ராவில் இறங்கி மேடை மாறுங்க. ஓட வேண்டாம். கிடைத்தால் 9:25, இல்லாவிட்டால் 10:10. சித்தப்பாவைப் பத்தே காலுக்கு வாசலில் நிற்கச் சொல்லுங்க."