கடைப் பெட்டி சொல்வதை நம்பலாமா? டாக்பேக் வைத்துப் பணம் அனுப்புகிறவர்களுக்கு

“அண்ணா வணக்கம்ங்க, பவானியிலிருந்து பேசுகிறேன். அப்பாவுக்குச் சர்க்கரையால் இரண்டு கண்ணும் போய்விட்டது. திரையில் இருப்பதைப் போனே வாசித்துச் சொல்கிற டாக்பேக்கை ஓரளவு பழகிக்கொண்டார். பேக்கரியில் டீ குடித்துவிட்டு ஜிபே பண்ணினால், கடைப் பெட்டி ‘பதினைந்து ரூபாய் பெறப்பட்டது’ என்கிறது. அது போதுங்களா? பின் நம்பரைப் போன் சத்தமாகச் சொல்லிவிடுமோ என்றும் பயப்படுகிறார்.”

போதாதுங்கம்மா. அந்தப் பெட்டி கடைக்காரருக்காக வைத்தது. அதற்குள் தனியாக ஒரு சிம் இருக்கிறது. கடைக்காரர் கணக்கில் பணம் ஏறியதும் அந்தச் சிம் வழியாகத் தகவல் வரும், பெட்டி பேசும். தொகையை மட்டும்தான் சொல்லும், யார் போட்டது என்று சொல்லாது. காலை ஏழு மணிக்கு உங்கள் ஊர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு பேக்கரியை நினைத்துப் பாருங்கள். டீ பதினைந்து ரூபாய் என்றால், நிற்கிற பத்துப் பேரும் பதினைந்துதான் போடுவார்கள். பெட்டி அடுத்தடுத்துப் பதினைந்து, பதினைந்து என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அதில் அப்பாவுடையது எது? பக்கத்தில் நிற்கிறவர் போட்ட பணத்தைத் தன்னுடையது என்று நினைத்து அவர் கிளம்பிவிடலாம்.

இதைவிடத் தொந்தரவு, பெட்டி பேசாமல் இருப்பது. அதன் சிம்முக்குச் சிக்னல் இல்லையென்றால், அப்பா கணக்கில் பணம் கழிந்தும் பெட்டி வாயே திறக்காது. கடைக்காரர் ‘இன்னும் வரலீங்களே, இன்னொரு தடவை போடுங்க’ என்பார். அவர் மேல் தப்பில்லை, அவரும் பெட்டியைத்தான் நம்புகிறார். கண் தெரிகிறவர் உடனே போனைத் திருப்பிக் காட்டி, ‘போயிருச்சுங்க, பாருங்க’ என்று சொல்லிவிடுவார். அப்பாவும் அதே போல் சொல்ல வேண்டும் என்றால், அவர் காதுக்கு அவர் போனே சொல்லியிருக்க வேண்டும்.

எனக்கும் பார்வை கிடையாது, நானும் டாக்பேக்தான். அதனால் இதே பேக்கரியில் அப்பா எப்படிச் செய்யலாம் என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் ஸ்கேன். கேமராவை எங்கே காட்டுவது என்று தெரியாமல் போனைக் காற்றில் ஆட்டிக்கொண்டிருக்க வேண்டாம். கல்லாவில் கியூஆர் அட்டை எங்கே என்று கேட்டு, அதைக் கையால் தொட்டுப் பார்க்கட்டும். போனின் முதுகை அட்டையோடு ஒட்டி வைத்து, அப்படியே நேராக ஒரு சாண் பின்னால் இழுக்கட்டும். பெரும்பாலும் அந்தத் தூரத்துக்குள் பிடித்துவிடும். பிடித்ததும் திரை மாறி, தொகை போடுகிற பெட்டியை டாக்பேக் வாசிக்கத் தொடங்கும்.

இங்கேதான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். தொகையைப் போடுவதற்கு முன்னால் விரலைத் திரையின் மேல்பக்கம் கொண்டுபோய்ப் பெயரைக் கேட்க வேண்டும். கடைப் பலகையில் ஒரு பெயர் இருக்கும், போன் ஒரு ஆளின் பெயரைச் சொல்லும். பயப்பட வேண்டாம். பணம் பெறுகிறவரின் பெயரை வங்கிக் கணக்கில் இருக்கிறபடியே காட்ட வேண்டும் என்று யூபிஐயை நடத்துகிற என்பிசிஐ 2025-ல் எல்லாச் செயலிகளுக்கும் சொல்லிவிட்டது. நம் போனில் நாமே சேமித்து வைத்த பெயரோ, கடைக்காரர் வைத்துக்கொண்ட பட்டப்பெயரோ அந்த இடத்தில் வரக் கூடாது. சும்மா, ‘பேங்குல என்ன பேருங்க?’ என்று கல்லாவில் கேட்டுவிட்டால் போதும். அட்டைக்கு மேல் வேறு யாரோ தங்கள் கியூஆரை ஒட்டிவிட்டுப் போயிருந்தாலும் இந்த ஒரு கேள்வியில் தெரிந்துவிடும். கண்ணால் பார்த்து ஸ்கேன் பண்ணுகிறவர்களில் எத்தனை பேர் இதைக் கேட்கிறார்கள்? எனக்குத் தெரிந்து ஒருத்தரும் இல்லை.

அடுத்தது தொகை. பதினைந்து என்று போட்டோம் என நினைப்போம், ஒரு விரல் கூடப் பட்டு நூற்றைம்பது ஆகியிருக்கும். டாக்பேக் மொத்தமாக வாசிக்கும்போது, அதுவும் கடைச் சத்தத்தில், அது காதில் சரியாக விழாமல் போகலாம். அதனால் தொகைப் பெட்டிக்குத் திரும்பிப் போய், டாக்பேக்கின் வாசிப்பு முறையில் ‘எழுத்து எழுத்தாக’ என்பதைத் தேர்ந்தெடுத்து, விரலைக் கீழே இழுத்து இழுத்துக் கேட்க வேண்டும். ஒன்று, ஐந்து. அதற்கு மேல் எதுவும் வராவிட்டால் சரி. டீக்கு இவ்வளவு பாடு தேவையா என்று கேட்பீர்கள். டீக்கு வேண்டாம், விட்டுவிடலாம். ஈரோட்டு ஜவுளிக் கடையில் 1,250-க்கு வேட்டி சட்டை எடுத்துவிட்டு நிற்கும்போது வேண்டும்.

இப்போது பின் நம்பர் பக்கம். அப்பாவுடைய பயம் நியாயமான பயம். இந்தப் பக்கத்தை அந்தந்தச் செயலி தானாக வரைவதில்லை. என்பிசிஐ கொடுக்கிற ஒரே பக்கம்தான் எல்லாச் செயலிக்குள்ளும் வந்து நிற்கிறது. அதனால் ஒரு செயலியில் பழகிக்கொண்டால் மற்றதிலும் கை தடுமாறாது. ஒன்று முதல் ஒன்பது வரை மூன்று வரிசை, அதற்குக் கீழே சுழியம், அதன் பக்கத்தில் அழிப்பதும் டிக்கும். எண்கள் இடம் மாறுவதில்லை. மேலே யாருக்கு, எவ்வளவு என்பது மறுபடியும் இருக்கும். பின் போடுவதற்கு முன்னால் விரலை அங்கே வைத்து இரண்டையும் கேட்டுக்கொள்ளட்டும், கடைசி வாய்ப்பு அதுதான்.

எண் மேல் விரல் வைத்தால் போன் அந்த எண்ணைச் சொல்லுமா என்றால், சொல்லாமல் நமக்கு எப்படித் தெரியும்? சொல்லத்தான் வேண்டும், அப்பாவின் காதுக்கு மட்டும் சொல்ல வேண்டும். ஒரு காதில் இயர்போன், இன்னொரு காது கடைக்காரருக்கு. இயர்போன் இல்லாத நேரத்தில் சத்தத்தை நன்றாகக் குறைத்து, போனைக் காதோடு ஒட்டிப் போடலாம். திரை பற்றியும் யோசிக்க வேண்டும். நமக்குப் பின்னால் நிற்கிறவருக்கு நம் விரல் எங்கே போகிறது என்று தெரியும். டாக்பேக் மெனுவில் திரையை மறைக்கிற வசதி இருக்கிறது, போட்டுவிட்டால் திரை கறுத்துவிடும், போன் வழக்கம்போல் வேலை செய்யும். ஐபோன்காரர்கள் வாய்ஸ்ஓவரில் மூன்று விரலால் மூன்று தட்டுத் தட்டினால் இதே வேலை நடக்கும்.

எத்தனை எண் போட்டோம் என்ற கணக்கு நடுவில் விட்டுப்போனால், ஊகத்தில் டிக்கை அழுத்தக் கூடாது. அழிக்கும் பட்டனை ஆறேழு தடவை தட்டி, முதலிலிருந்து போடுவதுதான் நல்லது. தப்புப் பின்னையே திரும்பத் திரும்பப் போட்டால் வங்கி பின்னைப் பூட்டிவிடும், பிறகு மறுநாள் வரை காத்திருக்க வேண்டி வரலாம். ரொம்ப நிதானமாகப் போனாலும் சிக்கல்தான், நேரம் முடிந்து பக்கமே மூடிக்கொள்ளும். அப்படி மூடினால் பணம் போகாது, திரும்பத் தொடங்கலாம்.

இதையெல்லாம் கடையில் நின்று பழக வேண்டாம். வீட்டில் உட்கார்ந்து, செயலியில் கணக்கு இருப்பைப் பார்க்கச் சொல்லுங்கள். இருப்பைப் பார்க்கவும் அதே பின், அதே பக்கம். பணம் எதுவும் போகாது. ஒரு செயலியில் ஒரு நாளைக்கு ஐம்பது தடவை வரை பார்க்கலாம், அதற்கு மேல் அப்பாவுக்கே சலித்துவிடும். உங்கள் போன் அந்தப் பக்கத்தில் எண்களை எப்படி வாசிக்கிறது, ஒரு தட்டா இரண்டு தட்டா, இயர்போனைக் கழற்றினால் என்ன ஆகிறது என்று அங்கேயே சோதித்துக்கொள்ளுங்கள். போனுக்குப் போன் இது கொஞ்சம் மாறும்.

டீ மாதிரிச் சின்னச் செலவுக்கு யூபிஐ லைட் போட்டுக்கொள்ளலாமே என்று இன்னொரு தம்பி கேட்டிருந்தார். போடலாம். அதில் 5,000 ரூபாய் வரை வைத்துக்கொள்ளலாம், ஒரு தடவைக்கு 1,000 வரை பின் இல்லாமலே போகும். பின் நம்பர் யார் காதிலாவது விழுந்துவிடுமோ என்ற கவலை அதோடு ஒழிந்தது. ஆனால் பின் நம்பர் பக்கமே வராது என்பதால், பெயரையும் தொகையையும் கடைசியாகக் கேட்கிற இடமும் போய்விடுகிறது. அனுப்பும் பட்டனில் இரண்டு தட்டுத் தட்டினால் பணம் போய்விட்டது என்று அர்த்தம். லைட் வைத்திருப்பவர் முதல் பக்கத்திலேயே பெயரையும் தொகையையும் கேட்டுவிட வேண்டும். என்னைக் கேட்டால், வழக்கமாகப் போகிற பேக்கரி, மளிகை, மருந்துக்கடைக்கு லைட் சரி. புதுக்கடைக்குப் பின் போடுவதே மேல்.

டிக்கை அழுத்திய பிறகு ஒரு ‘டிங்’ சத்தம் வரும். அதை மட்டும் நம்பிப் போனைச் சட்டைப் பையில் போட்டுவிடக் கூடாது. சில நேரம் பணம் போனதைக் காட்டுகிற டிக் படமாக மட்டும் வந்துவிட்டுப் போகும், டாக்பேக் எதையும் சொல்லாது. கொஞ்சம் பொறுத்து, திரையின் நடுவில் விரலை வைத்து மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். இன்னாருக்கு, இவ்வளவு, வெற்றி என்று வாசித்தால் முடிந்தது. அதற்குக் கீழே பன்னிரண்டு இலக்கத்தில் யூபிஐ பரிவர்த்தனை எண் இருக்கும். கடைக்காரர் ‘வரலீங்க’ என்றால் அந்தப் பக்கத்தையே அவரிடம் காட்டலாம், பெட்டிக்குச் சிக்னல் இல்லை என்று அவருக்கும் புரியும்.

‘நிலுவையில்’ என்று வாசித்தால் மட்டும் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். அது போகவும் இல்லை, போகாமலும் இல்லை. உடனே இரண்டாவது தடவை போட்டால் இரண்டுமே போய்ச் சேர்ந்துவிடலாம். செயலியின் வரலாற்றுப் பக்கத்தை ஒரு ஐந்து நிமிடம் கழித்துத் திறந்து, மேலே இருக்கிற முதல் வரியைக் கேட்கட்டும். வங்கியின் எஸ்எம்எஸ் வந்திருந்தால் அதையும் வாசிக்கச் சொல்லலாம். தெரிந்த கடையாக இருந்தால், ‘சாயங்காலம் வந்து பார்த்துக்கறனுங்க’ என்று சொல்லிவிட்டு வரலாம், நம் ஊரில் டீக்காசுக்கு யாரும் பிடித்து வைக்க மாட்டார்கள். பெரிய தொகையாக இருந்தால் அந்த நேரத்துக்குக் கையில் இருக்கிற ரொக்கத்தைக் கொடுத்துவிடுவது நல்லது.

நம் கணக்கில் கழிந்து கடைக்காரருக்கு வரவில்லை என்றால், பணம் தானாகத் திரும்பி வர வேண்டும். கடைக்குப் போட்டதற்கு ஐந்து நாள், தனி ஆளுக்குப் போட்டதற்கு அடுத்த நாள் என்று ரிசர்வ் வங்கி 2019-லேயே கெடு வைத்திருக்கிறது. கெடு தாண்டினால் நாளொன்றுக்கு நூறு ரூபாய் வங்கி தர வேண்டும். அதைக் கேட்பதற்கும் அந்தப் பன்னிரண்டு இலக்க எண்தான் வேண்டும். எண்ணின் மேல் விரல் வைத்து எழுத்து எழுத்தாகக் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். பக்கத்திலேயே நகலெடுக்கிற பட்டன் இருந்தால் இரண்டு தட்டில் எடுத்து, வாட்ஸ்அப்பில் உங்களுக்கு அனுப்பிவிடட்டும்.