படியேறும்போது மட்டும் வலிக்கும் முழங்கால்

வணக்கம். 48 வயதுப் பெண் ஒருவர் என் முன்னால் உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சமதரையில் அரை மணி நேரம் நடந்தாலும் அவருக்குத் தொந்தரவில்லை. மாடிப்படி ஏறினால் மட்டும் வலது முழங்காலின் முன்பக்கம் வலிக்கிறது. இறங்கும்போது இன்னும் மோசம். ஆறேழு மாதமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வந்த வலி. "தேஞ்சு போச்சா டாக்டர்?" என்று கேட்கிறார்.

நடக்க முடிகிறது, படி மட்டும் ஏன் வலிக்கிறது? காரணம் முழங்கால் சில்லு. சமதரையில் நடக்கும்போது அந்தச் சில்லு தொடை எலும்பை அழுத்தும் விசை உடல் எடையில் ஏறக்குறைய பாதிதான். படியேறும்போது அது எடையைப் போல மூன்று மடங்குக்கு மேல் போகிறது. 60 கிலோ எடையுள்ளவர் என்றால் 30 கிலோ எங்கே, 180 கிலோ எங்கே! சில்லுக்குப் பின்னால் தேய்மானம் தொடங்கியிருந்தால் அதைப் படிக்கட்டுதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

ஆனால் படியில் வலிக்கிறது என்பதாலேயே தேய்மானம் என்று முடிவுகட்ட முடியாது. நான் முதலில் கேட்பது: "காலையில் எழுந்ததும் மூட்டு இறுக்கமாக இருக்கிறதா? எவ்வளவு நேரம்?" இவர், "நாலு அடி எடுத்து வச்சா சரியாயிடும்" என்கிறார். அது தேய்மானத்துக்குப் பொருந்துகிறது. அதில் இறுக்கம் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் விட்டுவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, கை விரல் மூட்டுகளும் வீங்கினால் முடக்குவாதம் போன்ற அழற்சி நோயைத் தேட வேண்டும். அதற்கு ரத்தப் பரிசோதனையும் வேறு மருந்துகளும் உண்டு. காய்ச்சலோடு மூட்டு சிவந்து, சூடாகி வீங்கினால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அடுத்து, "வலிக்கிற இடத்தை ஒரு விரலால் தொட்டுக் காட்டுங்கள்" என்பேன். இவர் உள்ளங்கையால் சில்லை மூடிக் காட்டுகிறார். இன்னொருவர் மூட்டுக்கு மூன்று விரல் கீழே, உட்புறத்தில் சரியாக ஒரு புள்ளியைத் தொடுவார், அழுத்தினால் துள்ளுவார். அது மூட்டே அல்ல. அங்கே தசைநார்கள் எலும்பில் ஒட்டும் இடத்தில் உள்ள சிறு நீர்ப்பையின் அழற்சியாக இருக்கலாம். அவருக்கும் படியில்தான் வலிக்கும்.

மூன்றாவது கேள்வியில்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன்: "எப்படித் தொடங்கியது?" இவருக்குத் தொடங்கிய நாள் தெரியாது. தேய்மானம் அப்படித்தான் வரும். ஆனால் சிலர் அந்த நொடியையே சொல்வார்கள்: "படி இறங்கினேன், முட்டிக்குப் பின்னால 'டப்'புன்னு ஒரு சத்தம், அப்புறம் குத்துக்காலிட்டு உட்காரவே முடியல." நடுவயதுப் பெண்களிடம் இதைக் கேட்டால் நான் நிமிர்ந்து உட்காருவேன். மூட்டின் உட்பக்க ஜவ்வு, எலும்போடு ஒட்டியிருக்கும் வேரிலேயே பிய்ந்திருக்கலாம். எக்ஸ்ரே ஏறக்குறைய சரியாகவே இருக்கும். வயசாகிவிட்டது, தேய்மானம் என்று மாத்திரையோடு அனுப்பிவிடுவார்கள். வேர் விட்டுப்போன ஜவ்வு சுமையைத் தாங்காது. சில மாதங்களிலேயே மூட்டு வேகமாகத் தேயத் தொடங்கிவிடலாம். எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டிய ஆள் இப்படி 'டப்' சத்தத்தோடு வலி தொடங்கியவர்தான். குருத்தெலும்பு நன்றாக இருக்கும்போதே கண்டுபிடித்தால் வேரைத் தைத்துச் சேர்க்க வாய்ப்புண்டு.

நம் 48 வயதுக்காரருக்கு எம்.ஆர்.ஐ. வேண்டாம் என்றேன். இந்த வயதில் வலியே இல்லாத முழங்காலிலும் ஜவ்வில் சிறு கிழிசல் தெரிவது சகஜம். அந்த ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து தேவையில்லாத அறுவைசிகிச்சைக்குப் போனவர்கள் உண்டு. எக்ஸ்ரே எடுத்தோம். நேராக, நின்றபடி எடுத்த படத்தில் ஒன்றுமில்லை. முட்டியை மடக்கிச் சில்லைப் பார்க்கும் கோணத்தில் எடுத்ததில்தான் வெளிப்பக்க இடைவெளி லேசாகக் குறைந்திருந்தது. அது தெரியாமல் போயிருந்தாலும் என் முடிவு மாறியிருக்காது. 45 வயதைத் தாண்டியவருக்கு, அசைவில் வலி, காலையில் சற்றே இறுக்கம், வேறு சந்தேகக் குறி இல்லை என்றால் தேய்மானம் என்று சொல்லப் படமே தேவையில்லை.

அவருக்குக் கொடுத்தது வலி குறைக்கும் களிம்பும், தொடையின் முன்தசைக்கு உடற்பயிற்சியும். கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து மெதுவாக எழுந்து உட்காருவது, ஒரு தடவைக்குப் பத்து முறை. செய்யும்போது லேசாக வலித்தால் பரவாயில்லை. மறுநாள் காலைக்குள் வலி வழக்கமான அளவுக்குத் திரும்பிவிட்டால் அதே அளவு தொடரலாம். திரும்பவில்லையென்றால் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். தசை வலுவாக இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, ஏறும்போது இடது காலை முதலில் வைக்கச் சொன்னேன். இறங்கும்போது வலிக்கிற வலது கால் முதலில்.