போனஸும் ஸ்ப்ளிட்டும் சேர்ந்து வந்தால் சராசரி விலை என்ன?

[திரையில்: பஜாஜ் ஃபைனான்ஸ், ரெக்கார்டு தேதி 16 ஜூன் 2025]

அன்று காலை பலருடைய ஆப்பில் இந்தப் பங்கு ஏறக்குறைய 90 சதவீதம் விழுந்ததுபோலத் தெரிந்தது. முந்தைய வர்த்தக நாளில் 9,300 ரூபாயை ஒட்டியிருந்த விலை 930 பக்கம் வந்துவிட்டது. விலை உடனே மாறிவிடும். புதுப் பங்குகள் டீமேட்டுக்கு வந்து சேரச் சில நாள் ஆகும். அதுவரை ஆப் காட்டும் நஷ்டம் பொய்க்கணக்கு.

[திரையில்: 10 பங்கு × 7,000 = 70,000]

2024 தொடக்கத்தில் 10 பங்கை 7,000 ரூபாய் வீதம் வாங்கியதாக வைத்துக்கொள்வோம். முதலில் ஸ்ப்ளிட். முகமதிப்பு 2 ரூபாயிலிருந்து 1 ரூபாயானதால் 10 பங்கு 20 ஆகிறது, வாங்கிய விலை 3,500 ஆகிறது. அடுத்து 4:1 போனஸ். கையிலுள்ள ஒவ்வொரு பங்குக்கும் புதிதாக நான்கு, அதாவது 80 பங்கு. மொத்தம் 100.

[திரையில்: 70,000 ÷ 100 = 700]

சராசரி விலை 700. பங்கு 930-இல் இருந்தால் கையிருப்பின் மதிப்பு 93,000, லாபம் 23,000. இங்கே பலர் 2 × 4 என்று பெருக்கி 80 பங்கு, சராசரி 875 என்று எழுதிவிடுகிறார்கள். 4:1 என்றால் பழைய ஒன்றும் சேர்த்து ஐந்து. பெருக்க வேண்டியது 2 × 5.

ஆனால் வருமான வரிக்கு இந்த 700 செல்லாது. அங்கே ஸ்ப்ளிட்டான 20 பங்கின் அடக்க விலை தலா 3,500. வாங்கிய தேதியும் பழையதுதான். போனஸ் 80-க்கும் அடக்க விலை பூஜ்யம், அது ஒதுக்கப்பட்ட நாளிலிருந்து காலம் எண்ணப்படும்.

[திரையில்: 20 பங்கு: −51,400 | 80 பங்கு: +74,400]

போனஸ் வந்து ஓராண்டு முடிவதற்குள் நூறையும் 930-க்கு விற்றால், முதலில் வந்தது முதலில் போகும் என்ற முறைப்படி பழைய 20 பங்கில் 51,400 ரூபாய் நீண்டகால நஷ்டம். போனஸ் 80-இல் 74,400 ரூபாய் குறுகியகால லாபம். நீண்டகால நஷ்டத்தைக் குறுகியகால லாபத்தில் கழிக்கச் சட்டம் இடம் தருவதில்லை. ஆகவே உண்மையான லாபம் 23,000 ஆக இருந்தும், 74,400-க்கு 20 சதவீதம், அதாவது 14,880 ரூபாய் வரி வரும், செஸ் தனி. நஷ்டத்தை ரிட்டர்னில் காட்டினால் எட்டு ஆண்டு வரை எடுத்துச்செல்லலாம், அதுவும் நீண்டகால லாபத்துக்கு எதிராக மட்டும்.

போனஸ் பங்குகளை ஓராண்டு தாண்டி, பழைய 20-ஐ விற்கும் அதே நிதியாண்டில் விற்றால் இரண்டுமே நீண்டகாலக் கணக்கில் சேரும். அப்போது 23,000 மட்டுமே லாபமாக நிற்கும். அவசரப் பணத்தேவை இல்லாதவர்கள் விற்கும் முன் டீமேட் அறிக்கையில் போனஸ் வரவான தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆப் காட்டும் சராசரியில் அந்தத் தேதி தெரியாது.