பத்து வரை சொல்ற குழந்தைக்கு மூணு தெரியுமா? ஸ்பூனை வச்சுப் பார்த்துடலாம்!

[காட்சி: தரையில் ஒரே மாதிரி எட்டு ஸ்பூன்]

உங்க வாண்டு ஒண்ணுலேர்ந்து பத்து வரைக்கும் கடகடன்னு சொல்லுதா? சபாஷ். இப்ப எட்டு ஸ்பூனை முன்னாடி வச்சு, "மூணு எடுத்துக் கொடு"ன்னு கேளுங்க. ரெண்டரை வயசுன்னா பெரும்பாலும் ஒரு கை நிறைய அள்ளி உங்ககிட்ட திணிச்சிட்டுச் சிரிக்கும்.

அதுல தப்பு ஒண்ணுமில்ல. ஒப்பிக்கிறது பாட்டு மாதிரி. மூணுன்னா எவ்வளவுன்னு புரியறது வேற சங்கதி. 1990-ல கேரன் வின்ங்கிற உளவியல் ஆய்வாளர் இந்த மாதிரி 'கொடு' விளையாட்டை வச்சுத்தான் இதை ஆராய்ஞ்சாங்க. குழந்தைக்கு முதல்ல 'ஒண்ணு' மட்டும் புரியும். ரெண்டு கேட்டாலும் அஞ்சு கேட்டாலும் அள்ளல்தான். அப்புறம் 'ரெண்டு', அதுக்கப்புறம் 'மூணு'. ஒவ்வொரு படிக்கும் நடுவுல மாசக்கணக்குல ஆகும். முழுசாப் பிடிபட மூணரை, நாலு வயசு ஆகலாம்.

[காட்சி: துணிக்கூடை, சாக்ஸ்]

அதனால பத்தை விடுங்க, அடுத்த ஒரு படியை மட்டும் பிடிங்க. ரெண்டு கேட்டா சரியா கொடுக்குது, மூணு கேட்டா அள்ளுதுன்னு வைங்க. துணி மடிக்கும்போது மூணு சாக்ஸை வரிசையா வச்சு, முதல்லயே "மூணு சாக்ஸ்"னு சொல்லிடுங்க. அப்புறம் ஒவ்வொண்ணா கூடையில போட்டுக்கிட்டே "ஒண்ணு, ரெண்டு, மூணு." முடிச்சதும் மறுபடி "மூணு சாக்ஸ்." பக்கத்துல ரெண்டு சாக்ஸ் வச்சு, "இது ரெண்டு, இது மூணு"ன்னு காட்டுங்க. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியணும், அதான் விஷயம்.

வெறுமனே விரலால தொட்டு எண்ணினா வாய் ஒரு பக்கம், விரல் ஒரு பக்கம் ஓடும். ஒரே சாக்ஸுக்கு ரெண்டு எண் விழும். கூடைக்குள்ள போட்டா அந்தக் குழப்பம் வராது, ஏன்னா எண்ணினது கண்ணுக்கு முன்னாடி இருக்காது.

புரிஞ்சுதான்னு எப்படித் தெரியும்? எண்ணி முடிச்சதும் "மொத்தம் எத்தனை?"ன்னு ஒரே ஒரு தடவை கேளுங்க. மறுபடி ஒண்ணுலேர்ந்து ஆரம்பிச்சா இன்னும் பாட்டுதான். நிறுத்தி "மூணு"ன்னு சொன்னா, அடடா, லைக் போடுங்க! ஆனா சந்தோஷத்துல பத்து தடவை கேட்காதீங்க. திரும்பத் திரும்பக் கேட்டா, முன்னாடி சொன்னது தப்புன்னு நினைச்சு பதிலை மாத்திடும்.

கலர் கத்துக்கொடுக்கணும்னா, ஒரே மாதிரி ரெண்டு கப் எடுங்க, கலர் மட்டும் வேற. "சிவப்புக் கப்"னு சொல்றதை விட "இந்தக் கப் சிவப்பு"ன்னு சொல்லுங்க. பொருளை முதல்ல பார்த்துட்டா, கலர்ல கவனம் போகும். சிவப்பு பந்து, மஞ்சள் கார்னு காட்டினா சிவப்புன்னா உருண்டைன்னு நினைச்சுக்கலாம்.

வடிவத்துக்கு ஒரே வார்த்தை: முக்கோணத்தைத் தலைகீழா, ஒல்லியா, சாய்ச்சும் காட்டுங்க, இல்லேன்னா கூரை மாதிரி இருந்தாத்தான் முக்கோணம்னு அடம் பிடிக்கும்.

உங்க வீட்டு ஸ்பூன் டெஸ்ட்ல எத்தனை வந்தது? கமெண்ட்ல போடுங்க. எட்டையும் அள்ளின குட்டியோட கமெண்டை மேல பின் பண்றேன்.