ஃபேஸ்புக், கூகுள் ஃபோட்டோஸ்ல வேண்டாத மெமரீஸ் வராம பண்றது எப்படி?

கேள்வி: "அண்ணா, அப்பா தவறி வர்ற அக்டோபரோட ரெண்டு வருஷம். ஆஸ்பத்திரியில எடுத்த போட்டோவெல்லாம் ஃபேஸ்புக்கும் கூகுள் ஃபோட்டோஸும் மெமரீஸ்னு திரும்ப திரும்ப காட்டுது. டெலீட் பண்ண மனசு வரல. வராம பண்ண முடியுமா?"

முடியும்மா. எதையும் டெலீட் பண்ண வேண்டாம். மறைக்கிறது மெமரீஸ்ல மட்டும்தான் மறையும், போட்டோ உங்க ப்ரொஃபைல்ல, கேலரியில அப்படியே இருக்கும்.

இது ஏன் கரெக்டா அதையே எடுத்துக் காட்டுதுன்னா, இரங்கல் போஸ்டுக்குத்தான் ஊர்ல இருக்கிற எல்லாரும் வந்து கமெண்ட் போட்டிருப்பாங்க, சிஸ்டத்துக்கு அது நல்ல செய்தியா கெட்ட செய்தியான்னு தெரியாது, நிறைய பேர் பாத்தது அவ்வளவுதான். 2014 டிசம்பர்ல எரிக் மேயர்னு அமெரிக்காவுல ஒரு வெப் டிசைனர், அந்த வருஷம்தான் அவரோட சின்ன பொண்ணு இறந்திருந்தா, ஃபேஸ்புக் "உங்க வருஷம் எப்படி இருந்துச்சு பாருங்க"ன்னு அந்தக் குழந்தை போட்டோவையே சுத்தி ஆட்டம் பாட்டம் படமெல்லாம் போட்டுக் காட்டுச்சு. அவர் அத எழுதி பெரிய பேச்சாச்சு, ஃபேஸ்புக்ல இருந்து மன்னிப்பும் கேட்டாங்க.

சரி, வழிக்கு வருவோம். ஃபேஸ்புக்ல மெனுவுக்குள்ள Memories போங்க, மேல ஒரு பல்சக்கரம் மாதிரி இருக்கும், அதுக்குள்ள Hide People, Hide Dates ரெண்டு இருக்கு. எல்லாரும் முதல்ல Hide People தான் போறாங்க. ஆனா அது ஃபேஸ்புக்ல இருக்கிற ஆளோட பேர வச்சு வேலை செய்யுற விஷயம், உங்க அப்பாவுக்கு அக்கவுண்டே இல்லன்னா யார் பேரப் போடுவீங்க? அக்கவுண்ட் இருந்தாலும் நான் அத சொல்ல மாட்டேன், ஏன்னா உங்க கல்யாணத்துல அவர் சிரிச்சிட்டு நிக்கிற போட்டோவும் சேர்ந்து போயிடும். உங்களுக்கு வேண்டாதது அப்பா இல்ல, அந்த சில வாரங்கள்.

அதனால Hide Dates போங்க. செப்டம்பர் 20 அட்மிட் பண்ணீங்க, அக்டோபர் 9 தவறிட்டார்னு வச்சுப்போம், 16ஆம் நாள் காரியம் அக்டோபர் 24 வாக்குல வரும், அதுக்கப்புறமும் ஒரு வாரம் யாராவது ஏதாவது போட்டிருப்பாங்க. அப்போ 2024 செப்டம்பர் 20ல இருந்து அக்டோபர் 31 வரைக்கும் போட்டு சேவ் பண்ணுங்க. வருஷத்த கவனிச்சுப் போடுங்க, 2024ன்னு போட்டா அந்த வருஷத்து நாளுங்க மட்டும்தான் மறையும், 2018 அக்டோபர்ல போன டூர் போட்டோ பழையபடி வரும். அங்கேயே Notifications இருக்கும், அத None வச்சுடுங்க, ஆபீஸ்ல உக்காந்திருக்கும்போது திடீர்னு போன்ல வந்து நிக்காது, நீங்களா போய் பாத்தா உண்டு.

கூகுள் ஃபோட்டோஸ்ல உங்க ப்ரொஃபைல் படத்த தொட்டு Photos settings, Preferences, Memories, அதுக்குள்ள Hide dates. அதே தேதிங்கதான். இப்போ இங்கதான் ஒரு சிக்கல். "அண்ணா தேதி போட்டேன், அப்பயும் வருது"ன்னு வந்து நிப்பீங்க. பெரும்பாலும் அது வாட்ஸ்அப்ல வந்த போட்டோவா இருக்கும். வாட்ஸ்அப்ல அனுப்பும்போது எடுத்த தேதி போட்டோவுல இருந்து போயிடும், அதனால உங்க போனுக்கு வந்து சேர்ந்த நாளத்தான் தேதியா எடுத்துக்கும். சித்தப்பா டிசம்பர்ல அனுப்பிச்ச ஆஸ்பத்திரி போட்டோ டிசம்பர்லதான் உக்காந்திருக்கும், நீங்க மறைச்சது அக்டோபர். சந்தேகம்னா போட்டோவ திறந்து மேல தள்ளிப் பாருங்க, தேதி தெரியும். அந்த மாதிரி நாலஞ்சு போட்டோதான் இருக்கும், அதுங்கள செலக்ட் பண்ணி Locked Folder-ல போட்டுடுங்க, அதுல இருக்கிறது மெமரீஸ்ல வராது, இது மட்டும் மத்த போட்டோங்களோட கேலரியிலயும் தெரியாது, அந்த ஃபோல்டர திறந்தாதான் தெரியும். ஆனா Locked Folder-க்குன்னு தனியா இருக்கிற பேக்கப்ப ஆன் பண்ணிட்டு போடுங்க, ரொம்ப முக்கியம், அது இல்லாம உள்ள வச்சுட்டு ஆப்ப அன்இன்ஸ்டால் பண்ணா இல்ல போன ரீசெட் பண்ணா போட்டோ போனது போனதுதான்.

இன்னொன்னு, போன்லயே வர்ற கேலரி ஆப்பும் தனியா ஸ்டோரி, வீடியோன்னு எதையாவது செஞ்சு காட்டும். அதுக்கு கூகுள் செட்டிங்ஸ் தெரியாது, அதோட செட்டிங்ஸ்ல போய் தனியா ஆஃப் பண்ணணும்.

நிறுத்த முடியாதது ஒன்னு இருக்கு. உங்க அண்ணனோ மாமாவோ அவங்க மெமரிய எடுத்து ஷேர் பண்ணா அது சாதாரண போஸ்ட்டா உங்க ஃபீட்ல வரும், நீங்க மறைச்ச தேதிக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல. திதி வர்ற மாசம் மட்டும் அவங்கள 30 நாள் Snooze போட்டுக்கலாம், அவங்களுக்குத் தெரியாது, சண்டையும் வராது.

அம்மா போன்லயும் இதே போட்டோவெல்லாம் இருக்கும், அது வேற அக்கவுண்ட், அங்க தனியா செட் பண்ணணும். ஆனா கேக்காம பண்ணிடாதீங்க, அவங்க தினமும் அதத்தான் தேடி எடுத்துப் பாத்துட்டு இருக்காங்களோ என்னவோ.